மூன்று குற்றிக் கணக்கு எங்கே பிழைக்கிறது: வந்த விடையைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

களுவாஞ்சிக்குடி, கல்முனைப் பக்கத்துப் பிள்ளைகளின் உயர்தரக் கொப்பிகளைத் திருத்தும்போது வருடா வருடம் ஒரே கணக்கில்தான் சிவப்புப் பேனை நிற்கிறது. ஒப்பமான தரையில் ஒன்றையொன்று தொட்டபடி மூன்று குற்றிகள், ஒரு பக்கத்திலிருந்து ஒரே ஒரு விசை, குற்றிகளுக்கிடையில் உள்ள தொடுகை விசைகளைக் காண்க. பிழைகள் பல மாதிரி வந்தாலும் ஒவ்வொரு பிழையும் ஒரு குறிப்பிட்ட எண்ணைத்தான் விடையாகத் தரும், அதனால் விடையைப் பார்த்தாலே எந்த வரியில் சறுக்கியது என்று சொல்லிவிடலாம். அந்த ஒழுங்கில்தான் கீழே எழுதியிருக்கிறேன். உங்களுக்கு வந்த விடை எந்தத் தலைப்போடு பொருந்துகிறதோ அங்கே நேராகப் போங்கள்.

எல்லாத் தலைப்புக்கும் ஒரே கணக்குதான். இடமிருந்து வலமாக A, B, C. திணிவுகள் 5, 7, 3 கிலோ. A-யின் இடப்பக்கத்தில் 60 நியூற்றன் வலப்பக்கமாகத் தள்ளுகிறது. A-க்கும் B-க்கும் இடையிலான விசை P, B-க்கும் C-க்கும் இடையிலானது Q, பொது ஆர்முடுகல் a. சரியான செய்கை இவ்வளவுதான்:

```
மூன்றும் சேர்ந்து:  60 = (5 + 7 + 3) a    →  a = 4
C மட்டும்:          Q = 3 × 4             →  Q = 12
A மட்டும்:          60 − P = 5 × 4        →  P = 40
சரிபார்க்க, B:      P − Q = 28 = 7 × 4
```

கடைசி வரியை எழுதாமல் விடாதீர்கள். P-யும் Q-வும் B-யைத் தொடாமல் கிடைத்தவை, ஆகவே B-யில் போட்டுப் பார்க்கும்போது 28-உம் 28-உம் வந்தால் விடை சரி. வராவிட்டால் கீழே வாருங்கள்.

## P-யும் Q-வும் 60 என்று வந்திருக்கிறது

அடிக்கடி வருவது இதுதான்.

முதலில் கேள்வியை இன்னொரு தரம் வாசியுங்கள். C-யின் வலப்பக்கம் ஒரு சுவரில் முட்டிக்கொண்டிருப்பதாகப் படத்தில் இருக்கிறதா? இருந்தால் எதுவும் நகராது, ஆர்முடுகல் பூச்சியம், அப்போது P, Q, சுவர் C-க்குக் கொடுக்கும் மறுதாக்கம் எல்லாமே 60தான். விடை சரி, அத்தோடு நிறுத்துங்கள். மூன்று தொடுகையிலும் ஒரே விசை என்பது ஒப்பமான தரையில் நிற்கிற தொகுதிக்கு உண்மை. பிள்ளைகள் முதலில் படித்த சமநிலைக் கணக்குகளில் அது பழகிவிடுகிறது, பிறகு நகருகிற தொகுதிக்கும் அதையே கொண்டுவந்துவிடுகிறார்கள்.

சுவர் இல்லையென்றால் உங்கள் விசை வரிப்படத்தைப் பாருங்கள். 60 என்ற அம்பு B-யிலும் C-யிலும் வரையப்பட்டிருக்கிறதா? ஒவ்வொரு குற்றியாக எடுத்து, இதை எது எது தொடுகிறது என்று மட்டும் கேளுங்கள். A-யைத் தொடுவது தள்ளுகிற கையும் B-யும். B-யைத் தொடுவது A-யும் C-யும். C-யைத் தொடுவது B மட்டும். தரையை இப்போதைக்கு விடுங்கள், அது நிலைக்குத்தாகத்தான் தள்ளும். கை தொடாத குற்றியில் 60 என்ற அம்புக்கு இடமே இல்லை. B-யில் இருந்த அந்த அம்பை அழித்துவிட்டு P, Q போட்டாலே பாதிப் பேருக்குக் கணக்கு வந்துவிடும்.

அம்புகள் சரி, ஆனாலும் "A தனக்குக் கிடைத்ததை அப்படியே B-க்குக் கொடுத்துவிடும்தானே சேர்" என்று கேட்கிறவர்களும் உண்டு. இது வரைகிற பிழை இல்லை, நினைப்பில் உள்ள பிழை, அதனால் கொஞ்சம் நேரம் எடுக்கும். அந்த நினைப்பையே கணக்கில் போட்டுப் பாருங்கள்:

```
P = 60 என்றால்  A:  60 − 60 = 5a  →  a = 0
Q = 60 என்றால்  C:  60 = 3a       →  a = 20
```

A அசையாமல் நிற்கிறது, C மட்டும் 20 ஆர்முடுகலோடு ஓடுகிறது. தொட்டுக்கொண்டு சேர்ந்து போகிற குற்றிகளுக்கு இது நடக்காது. A-யையும் அசைக்க வேண்டுமென்றால் 60-இல் ஒரு பங்கு A-யிலேயே நின்றாக வேண்டும். அந்தப் பங்கு 5 × 4 = 20. மிச்சம் 40 B-யிடம் போகிறது, அங்கே 28 நிற்கிறது, கடைசியில் C-யிடம் போவது 12.

## ஆர்முடுகல் ஒவ்வொரு குற்றிக்கும் வேறு வேறாக வருகிறது

12, 8.57, 20 என்று மூன்று எண் வந்திருந்தால், 60-ஐ ஒவ்வொரு திணிவாலும் தனித்தனியே வகுத்திருக்கிறீர்கள். வேறு காரணம் தேட வேண்டாம். குற்றிகள் விலகவும் இல்லை, ஒன்றுக்குள் ஒன்று புகவும் முடியாது, ஆகவே a ஒன்றேதான். மூன்று படத்தின் மேலும் அதே a-யை, அதே திசையில், விசை அம்புகளிலிருந்து பிரித்துத் தெரிகிற மாதிரி இரட்டைத் தலை அம்பாகப் போட்டுவிட்டுச் சமன்பாடு எழுதத் தொடங்குங்கள்.

## a = 4 சரி, ஆனால் P அல்லது Q பிழை

இங்கேதான் விடையைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது நன்றாக வேலை செய்யும்.

P = 28 என்றால் B-க்குச் சமன்பாடு எழுதும்போது Q-வை மறந்திருக்கிறீர்கள். P = 7 × 4 என்று முடித்திருப்பீர்கள். P தள்ள வேண்டியது B-யை மட்டும் அல்ல, B-க்கு முன்னால் கிடக்கிற C-யையும் சேர்த்துத்தான். B, C இரண்டையும் ஒரே குற்றியாக நினைத்து P = (7 + 3) × 4 என்று போட்டால் 40 வரும்.

Q = 28 என்றால் இதே பிழையின் தம்பி. B-யின் மீதான விளையுள் விசை 28. அதைத் தொடுகை விசை என்று எடுத்துவிட்டீர்கள். விளையுள் விசை என்று தனியாக ஒரு அம்பு எந்தப் படத்திலும் இல்லை, P-க்கும் Q-க்கும் உள்ள வித்தியாசம்தான் அது.

P = 20 என்றால் இரண்டு வழி இருக்கிறது, இரண்டையும் பாருங்கள். கேள்வியில் விசை எந்தப் பக்கத்திலிருந்து என்று பார்ப்பது லேசான வேலை, அதை முதலில் செய்யுங்கள். வலப்பக்கத்திலிருந்து C-யைத் தள்ளுவதாக இருந்தால் P = 20 சரியான விடை. அப்போது P-க்கு முன்னால் இருப்பது A மட்டும், 5 × 4 = 20. Q-வுக்கு முன்னால் A-யும் B-யும், (5 + 7) × 4 = 48. விசை இடப்பக்கத்திலிருந்துதான் என்றால், A-யின் சமன்பாட்டில் 60-ஐ விட்டுவிட்டு P = 5a என்று எழுதியிருக்கிறீர்கள். அதாவது தள்ளப்படுகிற பக்கத்தை எடுக்காமல், தள்ளுகிற பக்கத்தில் உள்ள திணிவை எடுத்துவிட்டீர்கள்.

இந்த இடத்தில் ஒரு சரிபார்ப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். இடப்பக்கத்திலிருந்து தள்ளும்போது வந்த P-யையும் வலப்பக்கத்திலிருந்து அதே விசையால் தள்ளும்போது வந்த P-யையும் கூட்டுங்கள். 40 + 20 = 60. Q-வுக்கும் அப்படியே, 12 + 48 = 60. எந்தத் திணிவைப் போட்டாலும் இது தவறாது, ஏனென்றால் ஒரு தடவை அந்தத் தொடுகைக்கு வலப்பக்கத்துத் திணிவு முழுவதும் கணக்கில் வருகிறது, அடுத்த தடவை இடப்பக்கத்துத் திணிவு முழுவதும் வருகிறது, இரண்டும் சேர்ந்தால் மொத்தத் திணிவு. பல கேள்விகளில் இரண்டாம் பகுதியாக "விசை எதிர்ப்பக்கத்தில் பிரயோகிக்கப்பட்டால்" என்று கேட்பார்கள். அப்படிக் கேட்டால் இரண்டு பகுதியையும் தனித்தனியே செய்து கூட்டிப் பாருங்கள், அரை நிமிடத்தில் இரண்டும் சரியா என்று தெரிந்துவிடும்.

Q, P-யை விடப் பெரிதாக வந்திருந்தால் இடப்பக்கத்துத் தள்ளலில் அது நடக்கவே முடியாது. கையிலிருந்து தூரப் போகப் போகத் தள்ள வேண்டிய திணிவு குறைகிறது, தொடுகை விசையும் குறைந்தாக வேண்டும். பெரும்பாலும் பெயர்களை மாற்றிப் போட்டிருப்பீர்கள், படத்தில் P எங்கே என்று பாருங்கள்.

## விடை மறையாக வந்திருக்கிறது

பயப்பட வேண்டாம். ஆனால் குறியைப் பேசாமல் அழித்துவிட்டு நேராக எழுதிவிடவும் வேண்டாம். அந்த மறைக் குறிக்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம், எண்ணைப் பார்த்தால் எது என்று தெரியும்.

P = −40 வந்தால் அளவு சரி, அம்பு பிழை. A-க்கு 60 + P = 20 என்று எழுதியிருக்கிறீர்கள், அதாவது B-யும் A-யை முன்னுக்குத் தள்ளுகிறது என்று வரைந்திருக்கிறீர்கள். B, A-க்கு முன்னால் நிற்கிறது, அது A-யைப் பின்னுக்குத்தான் தள்ள முடியும். அம்பைத் திருப்புங்கள். A-யின் மீது P இடப்பக்கம் என்றால் B-யின் மீது அதே P வலப்பக்கம். இந்தச் சோடி இரண்டும் ஒரே குற்றியின் படத்தில் ஒருபோதும் வராது, வந்திருந்தால் அதையும் திருத்துங்கள்.

அம்புகள் எல்லாம் சரி, அப்பவும் மறைப் பெறுமானம் வருகிறது என்றால் விசை நடுக்குற்றியில் பிரயோகிக்கப்பட்டிருக்கும். இதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். அதே குற்றிகள், ஆனால் 60 நியூற்றன் B-யின் மீது வலப்பக்கமாக. பழக்கதோசத்தில் மூன்றும் சேர்ந்து போகும் என்று எடுத்தால் a = 4. A-யின் மீது கிடையாக இருப்பது P மட்டும், அது இடப்பக்கமாக. அப்போது:

```
A:  −P = 5 × 4   →   P = −20
```

இதன் பொருள், A-யும் சேர்ந்து வர வேண்டுமென்றால் B அதை 20 நியூற்றனால் இழுக்க வேண்டும். ஒட்டாமல் வெறுமனே தொட்டுக்கொண்டிருக்கிற முகத்தால் தள்ள முடியும், இழுக்க முடியாது. ஆகவே மூன்றும் சேர்ந்து போகும் என்று எடுத்ததே பிழை. A இருந்த இடத்திலேயே நிற்கும், தரை ஒப்பமானது என்பதால் அதை அசைக்க வேறு எதுவும் இல்லை. P = 0. B-யும் C-யும் மட்டும் போகின்றன:

```
60 = (7 + 3) a   →   a = 6
Q = 3 × 6 = 18
```

பாருங்கள், ஆர்முடுகல் 4 இல்லை, 6. Q-வும் 12 இல்லை, 18. மறைக் குறியை அழித்துவிட்டு P = 20 என்று எழுதியவருக்கு P மட்டும் அல்ல, a-யும் Q-வும் சேர்ந்து பிழைக்கும், அந்தப் பகுதிப் புள்ளிகள் எல்லாம் போய்விடும். குற்றிகள் ஒட்டப்பட்டிருக்கின்றன அல்லது இழையால் தொடுக்கப்பட்டிருக்கின்றன என்று கேள்வி சொன்னால் மட்டும் 20 நியூற்றன் இழுவை என்று எழுதலாம்.

ஆகவே இந்த வகைக் கணக்கில் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: தொடுகை விசை கிடைத்தவுடன் அது பூச்சியத்துக்குக் கீழே போகவில்லை என்று பார்ப்பது. கீழே போயிருந்தால் அந்தத் தொடுகையை வெட்டிவிட்டு, மிச்சக் குற்றிகளோடு முதலிலிருந்து போடுங்கள்.

## எல்லாச் சமன்பாடும் எழுதியாயிற்று, கடைசியில் 0 = 0 வருகிறது

A, B, C ஒவ்வொன்றுக்கும் ஒன்று, மூன்றும் சேர்ந்து ஒன்று, ஆக நாலு சமன்பாடு எழுதியிருப்பீர்கள். A, B, C சமன்பாடுகளைக் கூட்டிப் பாருங்கள், P-யும் Q-வும் வெட்டுப்பட்டு நாலாவது தானாக வந்துவிடும். அது புதுச் செய்தி எதுவும் சொல்லவில்லை, அதனால்தான் 0 = 0. தெரியாதவை மூன்று: a, P, Q. மூன்று சமன்பாடு போதும். மொத்தத் தொகுதி, C, A என்று எடுத்தால் ஒவ்வொரு வரியிலும் ஒரே ஒரு தெரியாக் கணியம்தான் மிஞ்சும், ஒருங்கமை சமன்பாடு தீர்க்கவே வேண்டாம். B-யைச் சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

## விடைக்குள் 50, 70, 30 மாதிரி எண்கள் வந்துவிட்டன

இவை குற்றிகளின் நிறைகள், g-ஐ 10 என்று எடுத்தால். நிறை நிலைக்குத்தாகக் கீழே, தரையின் மறுதாக்கம் நிலைக்குத்தாக மேலே, இரண்டும் தமக்குள் தீர்ந்துவிடும். கிடைச் சமன்பாட்டில் அவற்றுக்கு வேலை இல்லை, எடுத்துவிடுங்கள்.

விசை சாய்வாக இருந்தால் மட்டும் கொஞ்சம் கவனம். 75 நியூற்றன், கிடையோடு கோசைன் 0.8 ஆகவும் சைன் 0.6 ஆகவும் உள்ள கோணத்தில் A-யைக் கீழ்நோக்கிச் சாய்த்துத் தள்ளுகிறது என்று வையுங்கள். கிடைப் பங்கு 60, ஆகவே a, P, Q எல்லாம் பழையபடி 4, 40, 12. நிலைக்குத்துப் பங்கான 45 தரையிடம் போகிறது, A-க்குக் கீழே உள்ள மறுதாக்கம் 50-இலிருந்து 95 ஆகிறது. சிலர் இந்த 45-ஐ B-க்கும் C-க்கும் பகிர்ந்துவிடுகிறார்கள். தொடும் முகங்கள் நிலைக்குத்தானவை, ஒப்பமானவை என்றால் அவற்றினூடாகப் போவது கிடை விசை மட்டும்தான். அதே விசை மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால் A-யின் கீழ் மறுதாக்கம் 50 − 45 = 5. அது மறையாகாதவரை A தரையில்தான் இருக்கிறது. முகங்கள் கரடு என்றோ, சாய்வாக வெட்டப்பட்டவை என்றோ சொன்னால் இந்த வழியில் மேலே போகாதீர்கள். அங்கே A, B-யைத் தூக்கவோ அமுக்கவோ பார்க்கும், ஒவ்வொரு குற்றிக்கும் இரண்டு திசையிலும் சமன்பாடு வேண்டும், முதல் தடவை அதைச் சேரோடு இருந்து செய்வதுதான் நல்லது.

## தரை ஒப்பமில்லை, ஆனாலும் அதே 40-உம் 12-உம் வருகிறது

விடை பிழை என்று நினைத்துப் பலர் வெட்டிவிடுகிறார்கள். மூன்று குற்றிக்கும் உராய்வுக் குணகம் ஒன்றேயென்றால், குற்றிகள் நகருகின்றன என்றால், அது சரியான விடை. குணகம் 0.3 என்று எடுங்கள். உராய்வுகள் 15, 21, 9, மொத்தம் 45.

```
60 − 45 = 15a           →  a = 1
C:  Q − 9 = 3 × 1       →  Q = 12
A:  60 − P − 15 = 5 × 1 →  P = 40
```

உராய்வும் திணிவின் விகிதத்திலேயே பிரிந்து நிற்பதால் ஆர்முடுகல் 4-இலிருந்து 1-க்கு இறங்குகிறது, தொடுகை விசைகள் மட்டும் அசையவில்லை. குணகம் குற்றிக்குக் குற்றி வேறு என்றால் இது பொருந்தாது, ஒவ்வொன்றாக எழுதியே ஆக வேண்டும்.

சேரிடம் கட்டாயம் கொண்டுபோக வேண்டியது இதற்கு அடுத்தது. அதே கரடான தரை, ஆனால் தள்ளுவது 40 நியூற்றன் மட்டும். எல்லை உராய்வு மொத்தம் 45, ஆகவே ஒன்றும் நகராது, a = 0. இப்போது P என்ன? A-யில் உராய்வு 15-ஐத் தாண்டாது, ஆகவே P குறைந்தது 25. B-யும் C-யும் சேர்ந்து தாங்கக்கூடியது 21 + 9 = 30, ஆகவே P கூடியது 30. 25-க்கும் 30-க்கும் நடுவில் எந்த எண்ணைப் போட்டாலும் சமன்பாடுகள் ஒத்துக்கொள்ளும், நியூற்றனின் விதிகளை மட்டும் வைத்து இதற்கு மேல் நெருங்க முடியாது. நிற்கிற தொகுதியில் உராய்வு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் எடுக்கும், எந்தக் குற்றி எவ்வளவு எடுத்தது என்பது குற்றிகளை எப்படி வைத்தோம், விசையை எப்படி ஏற்றினோம் என்பதைப் பொறுத்தது. ஆகவே கேள்வி ஒரே எண்ணைக் கேட்டால் அதற்குள் இன்னொரு நிபந்தனை ஒளிந்திருக்கும், "B-யும் C-யும் வழுக்கும் நிலையில் உள்ளன" என்ற மாதிரி. அந்த வரி இருந்தால் P = 30 என்று எழுதலாம். எங்கு தேடியும் அப்படி ஒரு வரி இல்லையென்றால் கேள்வித்தாளையும் கொப்பியையும் எடுத்துக்கொண்டு சேரிடம் போய், இந்த 25, 30 என்ற இரண்டு எண்ணையும் காட்டிக் கேளுங்கள்.